ஒரே ஒரு செயலி மட்டும் தமிழில், மற்றவை எல்லாம் ஆங்கிலத்தில்: கைப்பேசியில் இது எந்த அளவுக்கு முடியும்?

உசிலம்பட்டி வாசகி · 2 பிப்ரவரி 2025, காலை 9:40

என் தந்தையார் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிறார். அவருடைய கைப்பேசி ஆங்கிலத்தில் இருக்கிறது; அப்படியேதான் இருக்கவும் வேண்டும். ஏதாவது சிக்கல் என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன், “Settings திறங்கப்பா, அதுல Network-ஐத் தொடுங்க” என்று திரையில் உள்ள பெயர்களைச் சொல்லித்தான் அவரை வழிநடத்துகிறார். முழுக் கைப்பேசியையும் தமிழுக்கு மாற்றினால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் வங்கிச் செயலியும் வரைபடச் செயலியும் மட்டும் தமிழில் இருந்தால், அப்பா யாரையும் கேட்காமல் தாமே பயன்படுத்துவார். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர் அவர். ஆங்கிலத்தை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

கைப்பேசி ஆண்ட்ராய்டு 14. அமைப்புகளில் App languages என்றொரு பகுதியைக் கண்டுபிடித்தேன். வரைபடச் செயலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. வங்கிச் செயலி இல்லை. ஆனால் அதே வங்கிச் செயலியைப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கைப்பேசியில் தமிழில் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருக்கும் தமிழ் அப்பாவுக்கு ஏன் இல்லை?

கூடல்நகர் நிரலாளர் · 2 பிப்ரவரி 2025, பகல் 12:15

அந்தப் பட்டியலில் ஒரு செயலி இல்லை என்பதற்கு அதில் தமிழே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். “எனக்கு இன்னின்ன மொழிகள் தெரியும்” என்று தானே எழுதிக் கொடுத்த செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டு அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. இந்த வசதி 2022-இல் ஆண்ட்ராய்டு 13-உடன் வந்தது. அதற்கு முன்பே எழுதப்பட்ட செயலிகள் பலவற்றுக்குள் தமிழ் முழுமையாக இருந்தும், அந்தச் சிறு அறிவிப்பைச் சேர்க்காததால் அவை பட்டியலுக்கு வருவதில்லை.

ஆகவே ஓர் ஒழுங்கில் தேடுங்கள். முதலில் செயலிக்குள்ளேயே மொழித் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிச் செயலிகளில் அது பெரும்பாலும் கடவெண் கேட்கும் திரைக்கு முன்பாகவோ, உள்ளே நுழைந்தபின் சுயவிவரப் பக்கத்திலோ இருக்கும். வாட்ஸ்அப்பிலும் அதன் Settings பகுதியில் App language என்று தனியாக உண்டு. செயலிக்குள் இல்லையென்றால் கைப்பேசியின் அமைப்புகளுக்குச் செல்லுங்கள். சாம்சங்கில் Settings → General management → App languages; பிக்சலில் Settings → System → Languages → App languages. வேறு நிறுவனங்களின் கைப்பேசிகளில் இடம் மாறுகிறது. Settings-இன் தேடல் பெட்டியில் App languages என்று எழுதுவது எளிது. அல்லது Settings → Apps → குறிப்பிட்ட செயலி → Language என்ற வழியிலும் அதே இடத்தை அடையலாம்.

இந்த இரண்டிலும் இல்லாதபோதுதான் மூன்றாவது வழியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: பக்கத்து வீட்டுப் பெரியவரின் கைப்பேசி முழுவதும் தமிழில் இருக்கிறதா, வங்கிச் செயலி மட்டும் தமிழில் இருக்கிறதா?

கீழவாசல் கைப்பேசிக்கடை · 2 பிப்ரவரி 2025, மாலை 5:02

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை அம்மா. முழுக் கைப்பேசியையும் தமிழுக்கு மாற்றுங்கள், செயலியைத் திறந்து உள்ளே நுழையுங்கள், பிறகு கைப்பேசியை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். செயலி தமிழிலேயே நின்றுவிடும். கடைக்கு வரும் பெரியவர்களுக்கு இப்படித்தான் செய்து கொடுக்கிறேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

கூடல்நகர் நிரலாளர் · 2 பிப்ரவரி 2025, இரவு 8:30

கடைக்காரர் ஐயா சொல்லும் முறை சில செயலிகளில் பலிக்கும் என்பது உண்மை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. முதன்முறை திறக்கும்போது கைப்பேசியின் மொழி எது என்று பார்த்து, அதைத் தம் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு திரும்பிப் பார்க்காத செயலிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் நிலைத்து நிற்கும். ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் கைப்பேசியின் மொழியைக் கேட்டுக்கொள்ளும் செயலிகளே மிகுதி. கைப்பேசியை ஆங்கிலத்துக்குத் திருப்பிய அந்தக் கணமே அவையும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். எந்தச் செயலி எந்த வகை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த முறையை முயல்கிறவர்கள், மொழி அமைப்புக்குச் செல்லும் ஒவ்வொரு திரையையும் மாற்றுவதற்கு முன்பே இன்னொரு கைப்பேசியால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பகுதிகள் வேறு மொழியில் வந்து நிற்கும்போது, வரிசையில் எத்தனையாவது இடம் என்பதே வழிகாட்டும்.

கீழவாசல் கைப்பேசிக்கடை · 3 பிப்ரவரி 2025, காலை 10:11

என் அனுபவத்தில் நிற்காத செயலியை நான் அதிகம் பார்க்கவில்லை. படம் எடுத்து வைக்கச் சொன்னது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி வாசகி · 3 பிப்ரவரி 2025, மாலை 6:45

கேட்டதற்கு விடை: பெரியவரின் கைப்பேசி முழுவதும் ஆங்கிலம்தான், வங்கிச் செயலி மட்டுமே தமிழ். அவருடைய பேரன் மாற்றிக் கொடுத்தாராம். அப்பாவின் செயலியைத் திறந்து கடவெண் கேட்கும் திரையை நன்றாகப் பார்த்தேன். வலது மேல் மூலையில் ஓர் உருண்டைக் குறி இருக்கிறது. அதைத் தொட்டால் மொழிகள் விரிகின்றன. தமிழைத் தேர்ந்ததும் செயலி ஒருமுறை மூடித் திறந்து தமிழில் வந்துவிட்டது. அப்பா இருப்புத் தொகையைத் தாமே பார்த்தார்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். உள்ளே உதவிப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் பின்னால் வந்தால், முகப்பில் பாதி ஆங்கிலமாகிவிடுகிறது. மேலே உள்ள தலைப்புகள் தமிழில், கீழே உள்ள பொத்தான்கள் ஆங்கிலத்தில். செயலியை மூடிவிட்டுத் திறந்தால் மீண்டும் எல்லாம் தமிழ். அப்பா இதைப் பார்த்துப் பயந்துவிட்டார். வேறு ஏதோ கணக்குக்குள் போய்விட்டோம் என்று நினைத்தார்.

கூடல்நகர் நிரலாளர் · 3 பிப்ரவரி 2025, இரவு 9:20

அப்பாவிடம் முதலில் இது கணக்கைத் தொடும் சிக்கல் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உதவிப் பக்கம் என்று நீங்கள் குறிப்பிட்டது பெரும்பாலும் ஓர் இணையப் பக்கம். செயலியை விட்டு வெளியே போகாமல் அதன் உள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டுவதற்கு ஆண்ட்ராய்டில் WebView என்றொரு பாகம் உண்டு. உங்கள் வங்கிச் செயலியைப் போல மொழியைத் தானே மாற்றிக்கொள்ளும் செயலிகளில், இந்தப் பாகம் முதன்முறை எழும்போது, செயலி போட்டு வைத்திருந்த மொழியைக் கலைத்துக் கைப்பேசியின் மொழிக்கே திருப்பிவிடும். ஆண்ட்ராய்டு 7 வந்த காலத்திலிருந்தே நிரலாளர்கள் இதனோடு மல்லுக்கட்டுகிறார்கள். முன்பே வரையப்பட்டுவிட்ட தலைப்புகள் தமிழில் நிற்கின்றன; அதன்பின் புதிதாக வரையப்படும் பொத்தான்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. நீங்கள் கண்ட பாதிப் பாதித் தோற்றம் அப்படித்தான் உண்டாகிறது. மூடித் திறந்தால் சரியாகிறது என்று நீங்கள் சொன்னதும் இதற்கே பொருந்துகிறது.

இதை நீங்கள் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது. செயலியை எழுதியவர்கள்தான் செய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் கருத்து எழுதும்போது “உதவிப் பக்கத்தைத் திறந்தபின் மொழி மாறுகிறது” என்று திறந்த வரிசையோடு எழுதுங்கள். வெறுமனே “தமிழ் சரியில்லை” என்று எழுதினால், மொழிபெயர்ப்பைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

App languages வழியாக மொழி மாறிய செயலிகளுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அங்கே ஆண்ட்ராய்டே அந்தச் செயலிக்கு “உன் கைப்பேசி தமிழில் இருக்கிறது” என்று சொல்லிவிடுவதால், WebView வந்து எதையும் கலைப்பதற்கு இடமில்லை. வரைபடச் செயலிக்கு அந்த வழியையே பயன்படுத்துங்கள்.

திருமங்கலம் ஓய்வுபெற்ற ஆசிரியர் · 4 பிப்ரவரி 2025, காலை 6:50

எனக்கும் இதே குறை. வாட்ஸ்அப்பைத் தமிழுக்கு மாற்றினேன். ஆனால் என் மருமகன் அனுப்பும் செய்திகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. நான் எழுதப் போனாலும் ஆங்கில எழுத்துகள்தான் விரிகின்றன. மாற்றியதில் என்ன பயன் என்று தெரியவில்லை.

கூடல்நகர் நிரலாளர் · 4 பிப்ரவரி 2025, காலை 8:05

ஐயா, தாங்கள் மாற்றியது செயலியின் பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் உரிய மொழியை. பிறர் எழுதி அனுப்பும் செய்தி அவர்கள் எழுதிய மொழியில்தான் வரும். எழுதும் விசைப்பலகை ஒரு தனிச் செயலி. ஜீபோர்டாக இருந்தால் அதன் Settings → Languages → Add keyboard என்ற வழியில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி எழுதலாம். மருமகன் தமிழில் எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சிம்மக்கல் மாணவி · 4 பிப்ரவரி 2025, பிற்பகல் 3:30

ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஐபோனில் இந்த வசதி 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்துவிட்டது. ஆனால் பலர் கண்ணில் படுவதில்லை. நானும் செயலியின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது Language என்ற வரியே இல்லை. காரணம் இதுதான்: கைப்பேசியில் ஒரே ஒரு மொழி மட்டும் சேர்க்கப்பட்டிருந்தால் ஐபோன் அந்த வரியைக் காட்டாது.

முதலில் Settings → General → Language & Region → Add Language என்ற இடத்தில் தமிழைச் சேர்க்க வேண்டும். முதன்மை மொழி எது என்று கேட்டால் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஆங்கிலம் மேலேயும் தமிழ் கீழேயும் இருக்க வேண்டும். அதன்பிறகு Settings → Apps → குறிப்பிட்ட செயலி என்று சென்றால் Language என்ற வரி வந்திருக்கும். ஐஓஎஸ் 18-க்கு முந்தைய கைப்பேசிகளில் Apps என்ற இடைப்படி இல்லை. Settings பக்கத்தின் அடியிலேயே செயலிகள் வரிசையாக இருக்கும். செயலிக்குள் தமிழ் இல்லையென்றால் அந்த வரியில் தமிழ் இருக்காது. என்னுடைய கல்லூரிச் செயலி அப்படிப்பட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேலூர் அரிசிமண்டி · 5 பிப்ரவரி 2025, காலை 11:25

கணக்கு எழுதும் செயலியை App languages வழியாகத் தமிழாக்கினேன். தமிழ் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மொத்தத் தொகையில் காற்புள்ளி இடம் மாறிவிட்டது. நேற்று வரை 1,25,000 என்று காட்டியது, இன்று 125,000 என்று காட்டுகிறது. பெரிய தொகைகளை ஒரு பார்வையில் வாசிக்க முடியவில்லை. லட்சத்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் மண்டியில் யாருக்குப் புரியும்? இதற்காகவே மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கூடல்நகர் நிரலாளர் · 5 பிப்ரவரி 2025, பிற்பகல் 1:10

மாற்ற வேண்டாம். App languages பகுதியில் அந்தச் செயலியைத் திறந்து, தமிழுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தமிழைத் தொட்டால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகள் விரிவதுண்டு. எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் எண்ணையும் நேரத்தையும் எழுதும் முறையை நாட்டின் பெயர் தீர்மானிக்கிறது. இந்தியாவைத் தேர்ந்தால் லட்சம், கோடி என்ற பிரிப்பில் காற்புள்ளி விழும். சிங்கப்பூரையோ மலேசியாவையோ தேர்ந்தால் மூன்று இலக்கத்துக்கு ஒன்றாக விழும். இலங்கைத் தமிழில் நேரம் 24 மணி முறைக்குப் போய்விடும்.

ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். English (United States) என்று வைத்திருந்தால் 125,000. English (India) என்று வைத்திருந்தால் 1,25,000. தமிழில் நாடு மாற்றியும் காற்புள்ளி சரியாகவில்லையென்றால், அந்தச் செயலி எண்ணைத் தன் போக்கில் எழுதுகிறது என்று பொருள்; அப்போது அமைப்புகளில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

மேலூர் அரிசிமண்டி · 5 பிப்ரவரி 2025, பிற்பகல் 2:00

சிங்கப்பூர் என்று இருந்தது. இந்தியா என்று மாற்றினேன். 1,25,000 வந்துவிட்டது. நன்றி.

திருநகர் சோதனையாளர் · 6 பிப்ரவரி 2025, இரவு 10:40

செயலிகளைச் சோதிப்பது என் தொழில். மேலே “மூன்றாவது வழி” என்று சொல்லிவிட்டு யாரும் தொடரவில்லை. அதை நான் எழுதுகிறேன். பட்டியலில் இல்லாத செயலிக்கும் கணினியிலிருந்து ஒரு கட்டளை கொடுத்து மொழியை ஏற்றலாம். கைப்பேசி ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேலாக இருக்க வேண்டும். Developer options பகுதியில் USB debugging இயக்கப்பட்டிருக்க வேண்டும். கணினியில் adb நிறுவப்பட்டிருக்க வேண்டும். செயலியின் தொகுப்புப் பெயரை இட்டு இவ்வாறு எழுதலாம்:

```
adb shell cmd locale set-app-locales com.example.app --user 0 --locales ta-IN
adb shell cmd locale get-app-locales com.example.app --user 0
```

முதல் வரி மொழியை ஏற்றுகிறது. இரண்டாம் வரி ஏறிவிட்டதா என்று காட்டுகிறது. வெளியூர்ப் பேருந்துக்கு முன்பதிவு செய்யும் ஒரு செயலியில் இதைச் செய்தேன். ta-IN ஏறிவிட்டதாக இரண்டாம் வரி காட்டியது. ஆனால் செயலியைத் திறந்தால் ஆங்கிலமே நிற்கிறது. அதே செயலி என் அக்காவின் தமிழ்க் கைப்பேசியில் தமிழில் ஓடுகிறது. ஆகவே உள்ளே தமிழ் உண்டு என்பது உறுதி. கூடல்நகர் நண்பர் இதற்கு என்ன சொல்கிறார்?

கூடல்நகர் நிரலாளர் · 7 பிப்ரவரி 2025, காலை 7:30

உங்கள் அக்காவின் கைப்பேசியில் இருக்கும் செயலியும் உங்களுடையதும் பெயரில் ஒன்றானாலும், இறங்கிய கோப்புகளில் ஒன்றல்ல என்பதே காரணமாக இருக்க வேண்டும். 2018-இல் App Bundle என்ற முறை அறிமுகமானது. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிதாக வரும் செயலிகளுக்கு அது கட்டாயமானது. இந்த முறையில் செயலி ஒரே பொட்டலமாக வராமல் துண்டு துண்டாக வருகிறது. மொழிகளும் தனித்தனித் துண்டுகள். கைப்பேசியின் மொழிப் பட்டியலில் என்னென்ன மொழிகள் இருக்கின்றனவோ அவற்றுக்குரிய துண்டுகளை மட்டுமே பிளே ஸ்டோர் இறக்குகிறது. உங்கள் கைப்பேசியில் ஆங்கிலம் மட்டும் இருப்பதால் தமிழ்த் துண்டு வரவே இல்லை. கட்டளை “தமிழில் பேசு” என்று சொல்கிறது; ஆனால் பேசுவதற்குரிய சொற்கள் கைப்பேசியில் இல்லை.

ஆகவே கட்டளையை விட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். Settings → System → Languages பகுதியில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழை இரண்டாம் மொழியாகச் சேருங்கள். ஆங்கிலம் முதலிடத்திலேயே இருக்கட்டும். இணைய இணைப்போடு சிறிது நேரம் விட்டுவிடுங்கள். தமிழ்த் துண்டு வரவில்லையென்றால் செயலியை நீக்கி மீண்டும் நிறுவுங்கள். நீக்கும்போது ஏற்றி வைத்த மொழியும் போய்விடும். ஆதலால் நிறுவியபின் கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும்.

App languages பட்டியலில் உள்ள செயலிகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அங்கே மொழியை மாற்றியவுடன் ஆண்ட்ராய்டு பிளே ஸ்டோருக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. அது அந்தத் துண்டை இறக்கிக்கொள்கிறது. அதனால்தான் முதன்முறை மாற்றும்போது இணையம் இருக்க வேண்டும். இணையம் இல்லாமல் மாற்றிவிட்டுத் தமிழ் வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

திருநகர் சோதனையாளர் · 7 பிப்ரவரி 2025, இரவு 9:15

தமிழை இரண்டாம் மொழியாகச் சேர்த்தேன். அப்படியே வரவில்லை; நீக்கி மீண்டும் நிறுவி, கட்டளையையும் மறுபடி கொடுத்தபின் பேருந்துச் செயலி தமிழில் வந்துவிட்டது. புறப்படும் இடம், சேரும் இடம், இருக்கை எல்லாம் தமிழில். ஊர்ப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் வருகின்றன; அவை அவர்களுடைய வழங்கியிலிருந்து வருவதால் அப்படி என்று நினைக்கிறேன்.

செயலி எழுதுகிறவர்கள் யாரேனும் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செயலி அந்தப் பட்டியலில் வர எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```xml
<locale-config xmlns:android="http://schemas.android.com/apk/res/android">
    <locale android:name="en"/>
    <locale android:name="ta"/>
</locale-config>
```

இதை `res/xml/locales_config.xml` என்று சேமித்து, மேனிஃபெஸ்ட்டில் `application` குறியீட்டுக்குள் `android:localeConfig="@xml/locales_config"` என்று சேர்த்தால் போதும். மொழிபெயர்ப்புக்குச் செலவழித்த பிறகு இந்தச் சில வரிகளை எழுதாமல் விடுவதால், தமிழ் வேண்டுபவர்களுக்கு அது எட்டாமலே போகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கூடல்நகர் நிரலாளர் · 8 பிப்ரவரி 2025, காலை 6:45

ஓர் எச்சரிக்கை. adb வழியைப் பெற்றோரின் கைப்பேசியில், அதுவும் வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் செய்யாதீர்கள். USB debugging இயங்கும் கைப்பேசியில் திறக்கவே மறுக்கும் வங்கிச் செயலிகள் உண்டு. செய்தே தீர வேண்டுமென்றால் வேலை முடிந்த உடனே Developer options பகுதியை அணைத்துவிடுங்கள். ஏற்றிய மொழி அதனால் போகாது.

கீழவாசல் கைப்பேசிக்கடை · 8 பிப்ரவரி 2025, மாலை 4:20

தமிழை இரண்டாம் மொழியாகச் சேர்ப்பதில் எனக்கு ஓர் ஐயம். ஒரு வாடிக்கையாளருக்கு அப்படிச் சேர்த்துக் கொடுத்தேன். இணையத்தில் தேடும்போது தமிழ்ப் பக்கங்களும் வர ஆரம்பித்துவிட்டன என்று திரும்பக் கொண்டுவந்தார். அப்படியென்றால் மற்றவை ஆங்கிலத்தில் நிற்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கூடல்நகர் நிரலாளர் · 8 பிப்ரவரி 2025, இரவு 8:55

நல்ல கேள்வி. இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செயலிகளின் பொத்தான்களைப் பொறுத்தவரை, ஆங்கிலம் முதலிடத்தில் இருக்கும்வரை தமிழ் குறுக்கே வராது. எந்தச் செயலியும் ஆங்கிலம் அறிந்ததாகவே ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்கிறது. எனவே பட்டியலில் இரண்டாவதாக உள்ள மொழிக்கு இறங்குவதில்லை. ஆனால் உலாவியின் நிலை வேறு. தான் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் “இவர் ஆங்கிலமும் தமிழும் வாசிப்பார்” என்று உலாவி சொல்லி அனுப்புகிறது. அதைப் பார்த்து எந்த மொழியில் பக்கத்தைக் கொடுப்பது என்பது அந்தத் தளத்தின் முடிவு. உங்கள் வாடிக்கையாளர் கண்டது அதுவாக இருக்கலாம். குரோமில் Settings → Languages பகுதியில் தமிழை மட்டும் நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தேடல் முடிவுகள் அவருடைய கணக்கு, முன்பு தேடியவை ஆகியவற்றையும் பொறுத்தவை. ஆகவே முழுவதும் நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

விளாங்குடி ஓட்டுநர் · 9 பிப்ரவரி 2025, காலை 5:55

என் கைப்பேசி ஆண்ட்ராய்டு 11. App languages என்று எங்குத் தேடியும் இல்லை. எனக்கு வழி உண்டா?

திருநகர் சோதனையாளர் · 9 பிப்ரவரி 2025, காலை 9:00

ஆண்ட்ராய்டு 12 வரைக்கும் அந்தப் பகுதியே கிடையாது. செயலிக்குள் மொழித் தேர்வு இருந்தால் மட்டுமே முடியும். கூகுள் மேப்ஸில் உண்டு: மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Settings திறந்து, App language என்ற வரியைத் தேடுங்கள். வழி சொல்லும் குரலின் மொழி அங்கேயே வேறோர் இடத்தில் தனியாக இருக்கிறது. எழுத்தைத் தமிழாக்கிய பிறகும் குரல் ஆங்கிலத்தில் வந்தால் அதையும் மாற்றுங்கள்.

உசிலம்பட்டி வாசகி · 15 பிப்ரவரி 2025, மாலை 7:10

இப்போதைய நிலையைச் சொல்கிறேன். வரைபடச் செயலியை App languages வழியாகத் தமிழாக்கினேன். குரலையும் தனியாக மாற்றினேன். நேற்று நிலக்கோட்டைக்குப் புதிய தோட்டம் ஒன்றுக்கு அப்பா தாமே வழி பார்த்துச் சென்று திரும்பினார்.

வங்கிச் செயலியில் ஒரு திரை மட்டும் தொல்லை கொடுத்தது. பணம் அனுப்பும் திரையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பொத்தான்களிலும் “பயனாளியை…” என்று பாதியில் முடிந்திருந்தது. ஒன்று சேர்ப்பதற்கு, மற்றொன்று நீக்குவதற்கு. வேறுபடுத்தும் சொல்லே மறைந்துவிட்டது. அப்பாவின் கண்ணுக்காக எழுத்தின் அளவை உச்சத்தில் வைத்திருந்தோம். Font size பகுதியில் ஒரு படி குறைத்ததும் இரண்டு பொத்தான்களும் முழுதாகத் தெரிந்தன. பெரிய எழுத்து வைத்திருக்கும் பெற்றோருக்குச் செயலியைத் தமிழாக்கித் தருகிறவர்கள், பணம் அனுப்பும் திரை வரைக்கும் ஒருமுறை சென்று பார்த்துவிடுங்கள்.

அண்ணன் இப்போது தன் கைப்பேசியிலும் அந்த வங்கிச் செயலியை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொண்டார். அவர் சொல்லும் பெயரும் அப்பா பார்க்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றன.

ஒன்றுதான் மிச்சம். செயலி தமிழில் இருந்தும் அறிவிப்புகள் சில தமிழிலும் சில ஆங்கிலத்திலும் வருகின்றன.

கூடல்நகர் நிரலாளர் · 15 பிப்ரவரி 2025, இரவு 9:30

கைப்பேசியிலேயே உருவாகும் அறிவிப்புகள் செயலியின் மொழியைப் பின்பற்றும். வங்கியின் வழங்கியில் எழுதி அனுப்பப்படுபவை அங்கே என்ன மொழி பதிவாகியிருக்கிறதோ அதில் வரும். இணையத்தை அணைத்துவைத்திருக்கும்போதும் தவறாமல் எழும் நினைவூட்டல் இருந்தால் அது முதல் வகை. இரண்டாம் வகையின் மொழியைச் செயலியின் உருண்டைக் குறி மாற்றுகிறதா, இல்லை அது திரைக்கு மட்டுமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும்.

உசிலம்பட்டி வாசகி · 16 பிப்ரவரி 2025, காலை 8:20

பார்த்தேன். தமிழில் வருவது மாதத் தவணை நினைவூட்டல். இணையம் இல்லாமலும் வந்தது. ஆங்கிலத்தில் வருபவை வரவு, செலவுச் செய்திகள். அவற்றைத்தான் அப்பா அதிகம் பார்க்கிறார். திங்கட்கிழமை கிளைக்குச் சென்று கேட்கப் போகிறேன். வேறு யாருக்காவது அந்த அறிவிப்புகள் தமிழில் வந்திருந்தால், எங்கே மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.